மேசைப்பந்துப் போட்டியின் வெற்றி வாய்ப்பை ஒற்றைப் புள்ளியிலிருந்து கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேசைப்பந்தில் இரு ஆட்டக்காரர்களுக்கு இடையிலான திறன் வேறுபாட்டைப் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணில் அடக்கிவிடலாம். அந்த எண், ஒரு புள்ளியை முதலாமவர் வெல்வதற்கான நிகழ்தகவு ஆகும். அதை p என்று வைத்துக்கொண்டால், p-யிலிருந்து ஒரு கேமை வெல்லும் நிகழ்தகவையும், கேமிலிருந்து போட்டியை வெல்லும் நிகழ்தகவையும், அதிலிருந்து ஆட்ஸ் எனப்படும் வாய்ப்பு விகிதத்தையும் வரிசையாகப் பெறலாம். கணக்கு கடினமானதல்ல. p-ஐ எங்கிருந்து எடுப்பது, அதை எந்த அளவுக்கு நம்புவது என்பதே கடினமான பகுதி. ஆகவே இந்த வழிகாட்டி சூத்திரத்தை முழுமையாகச் சொன்ன பிறகு, அந்த இரண்டாவது கேள்வியில் அதிக நேரம் நிற்கும்.

விதிகளில் கணக்குக்கு வேண்டியவை

2001 செப்டம்பரிலிருந்து ஒரு கேம் 11 புள்ளிகளுக்கு ஆடப்படுகிறது. அதற்கு முன் 21 புள்ளிகள். முதலில் 11 புள்ளி எடுப்பவர் கேமை வெல்கிறார். ஆனால் 10-10 என்று சமன் ஆகிவிட்டால், அதாவது டியூஸ் வந்துவிட்டால், இருவரில் ஒருவர் இரண்டு புள்ளி முன்னிலை பெறும் வரை ஆட்டம் தொடரும். சர்வீஸ் இரண்டு புள்ளிகளுக்கு ஒருமுறை கைமாறும். டியூஸ் வந்தபின் ஒவ்வொரு புள்ளிக்கும் கைமாறும். போட்டி ஒற்றைப்படை எண்ணிக்கையிலான கேம்களைக் கொண்டது. ஐந்து கேம் போட்டியில் முதலில் மூன்று கேம் வெல்பவரும், ஏழு கேம் போட்டியில் முதலில் நான்கு கேம் வெல்பவரும் வெற்றியாளர். ஒலிம்பிக் ஒற்றையர் பிரிவு ஏழு கேம் முறையிலும், குழுப் பிரிவின் தனித்தனிப் போட்டிகள் ஐந்து கேம் முறையிலும் நடக்கின்றன. எனவே அதே இரு ஆட்டக்காரர்கள் ஒரே தொடரில் இரண்டு வடிவங்களிலும் மோத நேரலாம், அப்போது அவர்களுடைய வாய்ப்பு விகிதமும் மாறும்.

முதல் படி: டியூஸ்

கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குவது எளிது. 10-10 என்ற நிலையில் அடுத்த இரண்டு புள்ளிகளை ஒரு சோடியாகப் பாருங்கள். இரண்டையும் முதலாமவர் வென்றால் கேம் அவருடையது; அதன் நிகழ்தகவு p × p. இரண்டையும் தோற்றால் கேம் எதிராளிக்கு; q = 1 − p என்றால், அதன் நிகழ்தகவு q × q. ஆளுக்கு ஒன்று என்றால் பழையபடி சமநிலைதான், சோடியை மீண்டும் தொடங்கவேண்டும். சமநிலை எத்தனை முறை திரும்பினாலும் முடிவு இந்த இரண்டு வழிகளில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதால், டியூஸிலிருந்து வெல்லும் நிகழ்தகவு

```
D = p² / (p² + q²)
```

p = 0.52 எனில் D = 0.2704 / 0.5008, அதாவது 0.540. ஒரு புள்ளியில் இரண்டு சதவீதமாக இருந்த மேலாண்மை, டியூஸில் நான்கு சதவீதமாகிறது.

இரண்டாம் படி: கேம்

பாடப்புத்தக வழியில், 11-0, 11-1, 11-2 என்று 11-9 வரை ஒவ்வொரு முடிவின் நிகழ்தகவையும் தனித்தனியே கண்டு கூட்டவேண்டும். அதைவிடத் தெளிவான வழி ஒன்று உண்டு. கேம் எங்கே முடிந்தாலும் சரி, 20 புள்ளிகள் முழுவதும் ஆடி முடிக்கப்படுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 11-6 என்று முடிந்த கேமில், மீதி மூன்று புள்ளிகளையும் வீணாக ஆடுவதாக நினைத்துக்கொள்வதுபோல. இந்தக் கற்பனை முடிவை மாற்றாது. 20 புள்ளிகளில் 11 அல்லது அதற்கு மேல் எடுத்தவர் எவரோ அவர்தான் முதலில் 11-ஐத் தொட்டிருப்பார், ஏனெனில் மற்றவருக்கு அதிகபட்சம் 9 புள்ளிகளே கிடைத்திருக்கும். சரியாக 10-10 என்றால் மட்டுமே டியூஸ். எனவே,

```
G = P(20-ல் 11 அல்லது மேல்) + P(20-ல் சரியாக 10) × D
```

முதல் உறுப்பும் இரண்டாம் உறுப்பின் முதல் பகுதியும் ஈருறுப்புப் பரவலிலிருந்து வருபவை. எந்த விரிதாளிலும் ஒரே செயற்கூற்றில் கிடைக்கும். p = 0.52 என்றால் முதல் உறுப்பு 0.483, சரியாக 10 வருவது 0.173, D 0.540. ஆக G = 0.483 + 0.173 × 0.540 = 0.577.

இந்தக் கற்பனையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் எளிமை மட்டும் அல்ல. 20 புள்ளிகளில் ஒவ்வொருவரும் சரியாகப் பத்து முறை சர்வீஸ் செய்கிறார்கள். டியூஸில் ஒவ்வொரு சோடியிலும் ஆளுக்கு ஒரு சர்வீஸ். ஆகவே, சர்வீஸில் வெல்லும் நிகழ்தகவும் அதைத் திருப்பி அடிக்கும்போது வெல்லும் நிகழ்தகவும் எவ்வளவு வேறுபட்டாலும், கேமை முதலில் யார் சர்வீஸ் செய்கிறார் என்பது வெற்றி வாய்ப்பை அணுவளவும் மாற்றாது. டாஸ் வென்றவர் சர்வீஸை எடுத்துக்கொள்வதில் மனத்தளவில் ஏதோ ஆறுதல் இருக்கலாம். ஒவ்வொரு புள்ளியும் மற்றதைச் சாராதது என்று கொண்டால், கணக்கில் அதற்கு இடமே இல்லை.

அப்படியானால் சர்வீஸ் புள்ளியையும் மற்றதையும் பிரித்துக் கணக்கிடவேண்டுமா? ஒருவர் தம் சர்வீஸில் 0.57, எதிராளியின் சர்வீஸில் 0.47 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.52. டியூஸ் நிகழ்தகவைப் பிரித்துக் கணக்கிட்டால் 0.5403, சராசரியைக் கொண்டு கணக்கிட்டால் 0.5399. முழுக் கேமிலும் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. டென்னிஸில் சர்வீஸைப் பிரிக்காமல் ஒரு படி நகர முடியாது. மேசைப்பந்தில் போட்டி தொடங்கும் முன் கணக்கிடுகையில் ஒரே p போதும். கேமின் நடுவில் கணக்கிடும்போது மட்டும் இது மாறும், அதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்றாம் படி: போட்டி

g என்பது கேமை வெல்லும் நிகழ்தகவு, h = 1 − g என்றால், ஐந்து கேம் போட்டியில் 3-0, 3-1, 3-2 ஆகிய மூன்று வழிகளையும், ஏழு கேம் போட்டியில் 4-0 முதல் 4-3 வரையான நான்கு வழிகளையும் கூட்டினால் போதும்.

```
M5 = g³ (1 + 3h + 6h²)
M7 = g⁴ (1 + 4h + 10h² + 20h³)
```

அடைப்புக்குள் உள்ள எண்கள், தோற்ற கேம்கள் எத்தனை விதமாக இடையில் அமையலாம் என்பதைக் குறிக்கின்றன. கடைசிக் கேமை வெற்றியாளரே வென்றிருக்கவேண்டும் என்பதால் அதன் இடம் நிலையானது. மீதமுள்ளவற்றில்தான் வரிசை மாறுகிறது. இதை மறந்து, மொத்தக் கேம்களிலும் வரிசையை மாற்றி எண்ணினால் வெற்றி நிகழ்தகவு ஒன்றைக்கூடத் தாண்டிவிடும். இரு ஆட்டக்காரர்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை சரியாக 1 வராவிட்டால் பிழை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

மூன்று படிகளையும் இணைத்தால் கிடைப்பது இது:

```
p      கேம்     5 கேம்    7 கேம்
0.50   0.500   0.500   0.500
0.51   0.539   0.572   0.584
0.52   0.577   0.642   0.665
0.53   0.615   0.708   0.738
0.55   0.687   0.819   0.856
```

நூறு புள்ளிகளில் 55-ஐ வெல்பவர், ஏழு கேம் போட்டிகளில் ஏழுக்கு ஆறு என்ற அளவில் வெல்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர் இருவரையும் கிட்டத்தட்டச் சமமானவர்கள் என்றே நினைப்பார், ஏனெனில் ஒவ்வொரு கேமும் 11-8, 9-11, 11-9 என்று நெருக்கமாகவே போகும். சமநிலைக்கு அருகில் p ஒரு சதவீதம் கூடினால் கேம் நிகழ்தகவு ஏறக்குறைய நான்கு சதவீதமும், ஐந்து கேம் போட்டி ஏழும், ஏழு கேம் போட்டி எட்டும் கூடுகின்றன. இந்த எட்டு மடங்குப் பெருக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கீழே வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் அதுவே வேர்.

பழைய 21 புள்ளி முறையோடு ஒப்பிடுவது சுவையானது. p = 0.52 உள்ளவர் 21 புள்ளிக் கேமை வெல்லும் நிகழ்தகவு ஏறக்குறைய 0.60. மூன்று கேம் போட்டியாக அதை ஆடினால் சுமார் 0.65 வரும். இன்றைய 11 புள்ளி, ஐந்து கேம் வடிவத்தில் அதே ஆட்டக்காரருக்கு 0.642. ஒவ்வொரு கேமும் குறுகியதால் எதிர்பாராத முடிவுகள் பெருகிவிட்டன என்று சிலர் சொல்வதுண்டு. தனிக் கேமுக்கு அது உண்மை. போட்டி முழுவதற்கும் பார்த்தால் கூடுதல் கேம்கள் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகின்றன.

கையால் செய்ய விரும்பாதவர்களுக்கு முழுக் கணக்கும் சில வரிகளில் அடங்கும். a, b என்பவை நடப்பிலுள்ள கேமின் புள்ளிகள் (ஒவ்வொன்றும் அதிகபட்சம் 10). x, y என்பவை இருவருக்கும் இன்னும் தேவைப்படும் கேம்கள்.

```python
from math import comb

def game(p, a=0, b=0):
    q = 1 - p
    d = p*p / (p*p + q*q)
    n = 20 - a - b
    win = sum(comb(n, k) * p**k * q**(n-k)
              for k in range(11 - a, n + 1))
    tie = comb(n, 10-a) * p**(10-a) * q**(10-b)
    return win + tie * d

def match(g, x, y):
    return sum(comb(x-1+k, k) * g**x * (1-g)**k
               for k in range(y))
```

`match(game(0.52), 4, 4)` என்று கொடுத்தால் 0.665 வரவேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

நான்காம் படி: p எங்கிருந்து வருகிறது

இரு ஆட்டக்காரர்களை அ, ஆ என்று அழைப்போம். இதுவரை அவர்கள் நான்கு போட்டிகளில் மோதியிருக்கிறார்கள் என்றும், மொத்தம் 320 புள்ளிகளில் அ 168-ஐயும் ஆ 152-ஐயும் வென்றார்கள் என்றும் கொள்வோம். 168 / 320 = 0.525. இதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் கேம் 0.596, ஐந்து கேம் போட்டி 0.676, ஏழு கேம் போட்டி 0.702. பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இங்கே நிற்கக்கூடாது. 320 புள்ளிகளிலிருந்து பெற்ற விகிதத்தின் திட்டப் பிழை √(0.25 / 320), அதாவது 0.028. உண்மையான p 0.50 ஆகவும் இருக்கலாம், 0.55 ஆகவும் இருக்கலாம். இந்தத் தரவு இரண்டையும் மறுக்கவில்லை. அட்டவணையைப் பார்த்தால், ஏழு கேம் போட்டியில் அது 0.50-க்கும் 0.856-க்கும் இடைப்பட்ட எந்த எண்ணும் ஆகலாம் என்று பொருள். எட்டு மடங்குப் பெருக்கம் திறனை மட்டும் பெருக்குவதில்லை. அளவீட்டுப் பிழையையும் அதே அளவுக்குப் பெருக்குகிறது. நேருக்கு நேர் மோதல் பதிவை மட்டும் வைத்து மூன்று தசம இடங்களுக்கு வாய்ப்பு விகிதம் சொல்பவர், அந்த இலக்கங்களில் முதலாவதைக்கூட உறுதியாக அறியமாட்டார்.

ஆகவே இரண்டாவது ஆதாரம் ஒன்று வேண்டும். அ-வும் ஆ-வும் ஏறத்தாழ ஒரே தரமான எதிராளிகளை எதிர்கொண்ட போட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் அ 0.535 பங்கு புள்ளிகளையும், ஆ 0.525 பங்கு புள்ளிகளையும் வென்றிருந்தால், இருவரும் மோதும்போது அ-வின் பங்கு ஏறத்தாழ 0.50 + 0.035 − 0.025, அதாவது 0.51. விகிதங்கள் 0.50-க்கு அருகில் இருக்கும் வரை இந்த எளிய கழித்தல் போதும். வெகுதூரம் போனால் p/q-வின் மடக்கைகளைக் கழித்து, விடையை மீண்டும் நிகழ்தகவாக மாற்றவேண்டும். இங்கே பலர் தவறுவது எதிராளிகளின் தரத்தில்தான். அ பெரிய தொடர்களின் முதன்மைச் சுற்றிலும், ஆ தகுதிச் சுற்றுகளிலும் ஆடியவர் என்றால், 0.525 என்பது 0.535-ஐவிட 0.01 மட்டுமே தாழ்ந்தது என்று சொல்லவே முடியாது. உண்மையில் அது இன்னும் தாழ்ந்ததாகத்தான் இருக்கும்.

இந்த 0.51-ஐ நேரடி மோதல் பதிவோடு எடையிட்டுச் சேர்க்கவேண்டும். பொது எதிராளிகள் வழியே வந்த மதிப்பீட்டை 600 புள்ளிகளுக்குச் சமமான ஆதாரமாகக் கருதுவதாகக் கொண்டால்,

```
p = (168 + 0.51 × 600) / (320 + 600) = 474 / 920 = 0.515
```

600 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல, ஆனால் சூத்திரத்திலிருந்து பிறந்ததும் அல்ல; அது உங்கள் தீர்ப்பு. பொது எதிராளிகள் பலர், போட்டிகள் அண்மையவை என்றால் அதைக் கூட்டலாம். இருவரின் ஆட்டப் பாணிகளும் ஒன்றோடொன்று மோதும் விதத்தில் தனித்தன்மை இருந்தால், எடுத்துக்காட்டாக ஒருவர் நீண்ட பிம்பிள் ரப்பரோடு தற்காப்பு ஆடுபவராகவும் மற்றவர் அதைச் சமாளிக்கத் திணறுபவராகவும் இருந்தால், அதைக் குறைத்து நேரடிப் பதிவுக்கு இடம் கொடுக்கவேண்டும்.

முழு மதிப்பு 0.5152-ஐக் கொண்டு கணக்கிட்டால் கேம் 0.559, ஐந்து கேம் 0.609, ஏழு கேம் 0.627. தசம வாய்ப்பு விகிதம் என்பது நிகழ்தகவின் தலைகீழி மட்டுமே: ஏழு கேம் போட்டியில் அ-வுக்கு 1 / 0.627 = 1.59, ஆ-வுக்கு 1 / 0.373 = 2.68. எடையிடாமல் நேரடிப் பதிவை மட்டும் நம்பியிருந்தால் அ-வுக்கு 1.42 என்று வந்திருக்கும். p-யில் மாறியது ஒரே ஒரு சதவீதம்.

இன்னும் ஒரு நுணுக்கம். p-யைச் சுற்றி எஞ்சியிருக்கும் ஐயத்தையும் விலையில் சேர்ப்பது முறை. 920 புள்ளிகளுக்குச் சமமான ஆதாரத்தில் திட்டப் பிழை 0.0165. p அந்த அளவு கீழே இருந்தால் ஏழு கேம் நிகழ்தகவு 0.49, மேலே இருந்தால் 0.75, இரண்டின் சராசரி 0.62. 0.627-லிருந்து சற்றுச் சமநிலை நோக்கி இறங்கியிருக்கிறது. ஐயம் எப்போதும் வலுவானவரின் வாய்ப்பை நடுப்பக்கம் இழுக்கும். தரவு குறைந்தால் இழுப்பு கூடும்.

ஐந்தாம் படி: ஆட்டத்தின் நடுவில்

ஏழு கேம் போட்டியில் அ 2-1 என்று முன்னிலையில் இருக்கிறார். நான்காம் கேமில் 8-6. முதலில் இந்தக் கேமை மட்டும் பாருங்கள். கற்பனையான 20 புள்ளிகளில் 14 முடிந்துவிட்டன, மீதி 6. அ-வுக்கு அவற்றில் மூன்று போதும்; சரியாக இரண்டு என்றால் டியூஸ். `game(0.5152, 8, 6)` 0.801 என்று தருகிறது.

அடுத்து, கேமின் இரு முடிவுகளுக்கும் போட்டி எங்கே நிற்கும் என்று பார்க்கவேண்டும். வென்றால் 3-1, மீதமுள்ள மூன்றில் ஒன்றை வென்றாலே போதும், நிகழ்தகவு 0.914. தோற்றால் 2-2, மூன்றில் இரண்டு வேண்டும், 0.588. இரண்டையும் எடையிட்டுக் கூட்டினால் 0.801 × 0.914 + 0.199 × 0.588 = 0.849. வாய்ப்பு விகிதம் 1.18.

முன்பு ஒதுக்கிவைத்த சர்வீஸ் இங்கேதான் திரும்பி வருகிறது. முழுக் கேமில் சர்வீஸ்கள் சமமாக இருந்தாலும், மீதமுள்ள ஆறு புள்ளிகளில் அவை சமம் அல்ல. கேமை முதலில் சர்வீஸ் செய்தவர் தம் பங்கில் எட்டை முடித்துவிட்டார், மற்றவர் ஆறைத்தான் முடித்திருக்கிறார். ஆக, மீதி ஆறில் நான்கு இரண்டாமவருடையவை. அ தம் சர்வீஸில் 0.565, எதிராளியின் சர்வீஸில் 0.465 வெல்பவராக இருந்து, அந்த நான்கும் அவருடையவை என்றால், கேம் வாய்ப்பு 0.80-லிருந்து ஏறத்தாழ 0.82 ஆகும், நான்கும் ஆ-வுடையவை என்றால் 0.78. போட்டிக்கு முன் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒன்று, கேமின் நடுவில் நான்கு சதவீத இடைவெளியை உருவாக்குகிறது. ஆட்டத்தின் நடுவில் விகிதம் கணக்கிடுபவர், ஸ்கோரோடு சர்வீஸ் யார் கையில் என்பதையும் கட்டாயம் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஆறாம் படி: பின்னோக்கிக் கணக்கிடுதல்

வெளியிடப்பட்ட வாய்ப்பு விகிதத்திலிருந்து p-ஐ மீட்டெடுக்கவும் முடியும். ஓர் ஐந்து கேம் போட்டிக்கு 1.50, 2.60 என்று விலை இருக்கிறது என்க. தலைகீழிகள் 0.667, 0.385, கூட்டுத்தொகை 1.051. ஒன்றைத் தாண்டிய அந்த ஐந்து சதவீதம் விலை வைப்பவரின் லாப விளிம்பு. ஒவ்வொன்றையும் 1.051-ஆல் வகுத்தால் முதலாமவருக்கு 0.634. அட்டவணையில் ஐந்து கேம் நெடுவரிசையில் 0.634 என்பது 0.51-க்கும் 0.52-க்கும் இடையில், 0.519 அளவில் விழுகிறது. துல்லியம் வேண்டுமானால், p-ஐ 0.3-க்கும் 0.7-க்கும் இடையில் வைத்து இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகலாம்.

இந்த p கிடைத்துவிட்டால், அதே இருவரும் ஏழு கேம் போட்டியில் மோதினால் என்ன விலை என்பதை உடனே சொல்லலாம்: 0.655, அதாவது 1.53. விளிம்பை எடுக்காமல் 0.667-ஐயே பயன்படுத்தியிருந்தால் p 0.524 என்று வந்திருக்கும். அந்த அரை சதவீதப் பிழை ஏழு கேம் போட்டியில் நான்கு சதவீதமாக வளரும்.

மாதிரி தவறுவதை எப்படிக் கண்டறிவது

மேலே சொன்ன அனைத்தும், போட்டி முழுவதும் p மாறாது, ஒரு புள்ளி அடுத்ததைப் பாதிக்காது என்ற இரு எடுகோள்களின் மேல் நிற்கிறது. இரண்டுமே முழு உண்மை அல்ல. எதிராளியின் சர்வீஸ் சுழற்சியை ஒருவர் இரண்டாவது கேமில்தான் பிடிக்கிறார். டைம்-அவுட்டுக்குப் பின் உத்தி மாறுகிறது. ஒரே இருவர் ஆடினாலும் ஒரு நாளின் p மறுநாளின் p அல்ல. எனவே ஒரு போட்டியின் முடிவை வைத்து மாதிரியைச் சோதிக்க முடியாது. பல போட்டிகளின் ஸ்கோர் வடிவத்தை வைத்துச் சோதிக்கலாம்.

முதல் சோதனை டியூஸ். p 0.50 எனில், கேம்களில் 17.6 சதவீதம் 10-10-ஐத் தொடவேண்டும்; 0.55 என்றாலும் 15.9 சதவீதம். அதாவது, நெருக்கமான ஆட்டக்காரர்களுக்கிடையே இந்த எண் p-யைப் பெரிதாகச் சார்ந்திருக்கவில்லை. உங்கள் தரவில் பல நூறு கேம்கள் இருந்து, டியூஸ் வெகு குறைவாக இருந்தால், கேமுக்குக் கேம் p தாவுகிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை கூர்மையானது. கேம் நிகழ்தகவு 0.559 என்றால், ஐந்து கேம் போட்டி 3-0 என்று இரு பக்கமும் சேர்த்து முடிவது 26 சதவீதம், நான்கு கேமில் முடிவது 37 சதவீதத்துக்குச் சற்று மேல், ஐந்தாவது கேம் வரை போவது 36 சதவீதத்துக்குச் சற்று மேல். இதே அளவு நெருக்கமான சோடிகளின் பதிவைத் திரட்டி, 3-0 முடிவுகள் 26-ஐ நன்றாகத் தாண்டியும், ஐந்தாவது கேம்கள் குறைந்தும் இருந்தால், போட்டிக்குப் போட்டி p மாறுகிறது என்பதே பொருள். சராசரி p சரியாகவே இருந்தாலும், ஒரு நாள் 0.55, இன்னொரு நாள் 0.48 என்று அது ஊசலாடும்போது ஒருதலையான முடிவுகள் பெருகும். அதற்கு மருந்து, நான்காம் படியில் செய்ததுபோல் p-ஐ ஒற்றை எண்ணாக வைக்காமல், இரண்டு மூன்று மதிப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் போட்டி நிகழ்தகவைக் கண்டு சராசரி எடுப்பதுதான். பதிவில் காணும் 3-0 அளவோடு பொருந்தும் வரை அந்த மதிப்புகளின் இடைவெளியை விரிக்கவேண்டும்.

ஐந்தாவது கேம்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் கதை வேறு. அப்போது, பின்தங்கியவர் அடுத்த கேமில் மேம்படுகிறார், அல்லது முன்னிலையில் இருப்பவர் சற்றுத் தளர்கிறார். இதை p-ஐ விரித்துச் சரிசெய்ய முடியாது, ஏனெனில் விரித்தால் 3-0 முடிவுகள்தான் மேலும் கூடும். கேம் நிலையைப் பொறுத்து g-க்குத் தனித்தனி மதிப்புகள் கொடுத்து, `match` வரியை விட்டுவிட்டு, 0-0-இலிருந்து ஒவ்வொரு நிலையாகக் கணக்கிடவேண்டும். ஐந்து கேம் போட்டியில் முடிவாகாத நிலைகள் ஒன்பதே என்பதால், ஒரு தாளில் வரைந்தே அதைச் செய்துவிடலாம்.

விதிகளிலேயே மாதிரிக்கு அகப்படாத ஒன்றும் உண்டு. கேம் 10 நிமிடத்தை எட்டியும் 18 புள்ளிகள் ஆடப்படாமல் இருந்தால் விரைவு முறை அமலுக்கு வரும். அதன்பின் சர்வீஸ் ஒவ்வொரு புள்ளிக்கும் கைமாறும். திருப்பி அடிப்பவர் 13 முறை சரியாகத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கே. இரு தற்காப்பு ஆட்டக்காரர்கள் மோதும்போது இது நடக்கக்கூடும். அப்போது, அதுவரை நீண்ட ரேலிகளைக் கொண்டு அளந்த p அந்தக் கேமின் மீதிக்கும் அடுத்து வரும் கேம்களுக்கும் பொருந்தாது, ஏனெனில் அந்த முறை போட்டி முடியும் வரை நீடிக்கும். தற்காப்பு ஆடும் இருவரின் போட்டிக்கு விகிதம் கணக்கிடும்போது, சர்வீஸ் செய்பவர் தாக்கி ஆட நேர்ந்தால் எப்படி ஆடுவார் என்பதற்கென ஒரு தனி p-ஐக் கையில் வைத்திருப்பது நல்லது.